பூஜையில் வைத்த இரும்பும் நான் எழுதிய ரிப்போர்ட்டும்

பாலக்காட்டுக் கடைவீதியில் எனக்கு இரும்புக் கடை. ஆணி, சங்கிலி, கிணற்று ராட்டினம், கலப்பைக் கொழு என்று விற்றுக்கொண்டிருந்த ராவுத்தர் திடீரென்று கடைக்குப் பின்னால் உடம்பு ஏற்றும் கசரத்துக் கொட்டகை வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? பெண்ணுக்கு நிக்காஹ் பேச வேண்டிய வயதில் மனுஷன் துண்டைக் கட்டிக்கொண்டு இரும்பைத் தூக்குகிறான் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு தங்கள் பிள்ளைகளையே கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் அதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தாமல் விட்டதில்லை.

இடமும் இரும்பும் என்னுடையவை. ஆனால் கொட்டகை நீண்டிருந்த பின்பக்கம் முனிசிபாலிட்டிப் புறம்போக்கு. தனி ஆளுக்கு அனுமதி இல்லை, சங்கமாக இருந்தால் தரலாம் என்றார்கள். கல்பாத்தியில் இருந்த ஒரு வக்கீல் ஐயரைத் தலைவராகப் போட்டு ஒரு சங்கம் உண்டாக்கினோம். அவர் ஒரு நாள்கூட இரும்பைத் தொட்டவரில்லை. விதிகளை எழுதுவதில் மட்டும் அவருக்குப் பெரிய ஆசை. வாரம் ஒரு முறை சாமான்களை உரிமையாளர் பரிசோதித்துப் புத்தகத்தில் எழுத வேண்டும், முனிசிபாலிட்டி ஓவர்சியர் அவ்வப்போது வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்ததைக் காட்டித்தான் அனுமதி வாங்கினோம்.

நான் வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டேன். அன்று ஜும்ஆவுக்காகக் கடையை மூடுவேன். தொழுதுவிட்டு வந்து நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பாரம் மாட்டித் தூக்கும் தண்டு வளைந்திருக்கிறதா, தட்டுகளில் விரிசல் உண்டா, தட்டுகள் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் போடும் பூட்டு வளையங்கள் சரியாகப் பிடிக்கின்றனவா என்று பார்த்து எழுதுவேன். ஓவர்சியரின் பரிசோதனை வேறு மாதிரி. வாசலில் நாற்காலி போடச் சொல்லி, டீ குடித்து, 'யாவும் நல்ல நிலையில்' என்று எழுதிவிட்டுப் போவார். அவர் நாற்காலியைத் தவிர வேறு எதன் உறுதியையும் சோதித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கொட்டகைக்கு வந்தவர்களில் ஒருவன் சித்தூர்ப் பக்கத்துக்காரன். அவனுடைய அப்பா பனையேறி. அவனும் மீசை முளைக்கும் முன்பிருந்தே ஏறியவன்தான். அதனால் தோளும் முன்கையும் அவனுக்குத் தானாகவே இறுகிக் கிடந்தன. ரயில்வே இஞ்சின் ஷெட்டில் அவனை இஞ்சின் துடைக்கும் கிளீனர் வேலைக்குத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். கிளீனராக ஒழுங்காக இருந்தால் பிறகு கரி தள்ளும் பயர்மேன். அதற்கு உடம்பு வேண்டும், டாக்டர் பார்த்து 'தகுதி' என்று எழுத வேண்டும். அதற்காகத்தான் என்னிடம் வந்தான். அவனுக்கு வேலை கிடைத்த அன்றே அப்பாவை மரம் ஏற விடாமல் நிறுத்திவிட்டான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, எனக்கு அவன் மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. என் பிரியம் எப்படி வெளிவரும் என்றால், மற்றவர்களைவிட அவனைக் கூடுதலாகத் திட்டுவேன்.

இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கும் வழியை அவன்தான் ஷெட்டிலிருந்து கற்றுக்கொண்டு வந்து சொன்னான். மண்ணெண்ணெயைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடி தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு காட்டும். அன்றிலிருந்து என் வெள்ளிக்கிழமைகளில் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்தன. என் வேட்டியில் வந்த நாற்றத்துக்காக வீட்டில் வாங்கிய திட்டு தனி.

நவராத்திரி வந்தால் கொட்டகைப் பிள்ளைகள் ஆயுத பூஜை போடுவார்கள். நான் குறுக்கே நிற்பதில்லை. பொரியும் சுண்டலும் வாங்க என் கடையிலிருந்தே போகும். அந்த வருஷம் பூஜைக்கு முந்தின இரண்டொரு நாளில், இரும்பெல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் சேர்ந்து கறுப்பு வார்னிஷ் அடித்தார்கள். தட்டுக்கும் அடித்தார்கள், பூட்டு வளையத்துக்கும் அடித்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

பூஜை நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. ஜும்ஆ முடிந்து வந்தேன். இரும்பெல்லாம் ஒரு பலகை மேல் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சரம் சுற்றி இருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும் வரை யாரும் தொடக் கூடாது. அவர்களே தொட மாட்டார்கள். அப்படி இருக்க, நான் ஒரு ராவுத்தன், மண்ணெண்ணெய்த் துணியோடு போய்ச் சந்தனத்தைத் துடைப்பதா? புத்தகத்தை எடுத்து, 'சாமான்கள் பூஜையில் உள்ளன, இந்த வாரம் பரிசோதிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரியாதை என்று நினைத்துச் செய்தேன். இன்றைக்கும் அது மரியாதைதான் என்றே சொல்வேன்.

விஜயதசமி காலையில் தூக்கினால் வருஷம் முழுக்க உடம்பு ஏறும் என்று ஒரு நம்பிக்கை. விடிந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். கற்பூரம் காட்டி, இரும்பை எடுத்து, ஆளுக்கு ஒரு தடவை தூக்கத் தொடங்கினார்கள். காலை ஏழு மணி இருக்கும். சித்தூர்க்காரனின் முறை வந்தது. தட்டுகளை மாட்டி, இரண்டு பக்கமும் வளையத்தைப் போட்டு, திருகாணியை முறுக்கி, ஒரு தடவை ஆட்டிப் பார்த்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். தோளுக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து, தலைக்கு மேல் தள்ளினான். கை முழுக்க நிமிர்ந்தபோது வலப்பக்கத்து வளையம் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பக்கத்துத் தட்டு வழுக்கிக் கீழே போனது. பாரம் இல்லாத பக்கம் விசிறி மேலே எழும்ப, இடப்பக்கம் மொத்தக் கனத்தோடு அவன் கையை முறுக்கிக்கொண்டு இறங்கியது. தண்டோடு சேர்ந்தே அவன் விழுந்தான். இடது முழங்கை தண்டுக்கும் தரைக்கல்லுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

"உஸ்தாத், கை எங்கீங்க?" என்று கேட்டான். கை அங்கேதான் இருந்தது. ஆனால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

முதலில் எலும்பு கட்டும் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் தொட்டுப் பார்த்து, இது என்னால் ஆகாது என்று மூங்கில் பத்தை வைத்துத் துணிக்கட்டு மட்டும் போட்டு அனுப்பினார். மறுநாள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துச் சேர்த்துக் கட்டினார்கள். கட்டை அவிழ்த்தபோது முழங்கை பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியாது, முழுக்க மடக்கவும் முடியாது. டாக்டர் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

பிளந்த வளையத்தை நான் எடுத்து வைத்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வார்த்த வார்ப்பிரும்பு. திருகாணி இறங்கும் துளையிலிருந்துதான் விட்டிருந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். பாதி வெளிறிய சாம்பல் நிறமாக, புதிதாக உடைந்ததாக இருந்தது. மீதிப் பாதி கறுப்பு. அந்தக் கறுப்பைச் சுரண்டினால் வார்னிஷ். அதாவது, வார்னிஷ் அடிக்கும்போதே விரிசல் அங்கே இருந்திருக்கிறது. வார்னிஷ் அதற்குள் இறங்கி, மேலே ஒரு தோல் போட்டு மூடிவிட்டது.

கொஞ்ச நாளில் அவனுடைய ரயில்வே ஆபீசிலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த ஆளுக்கு ஏற்பட்ட காயம் எப்படி ஏற்பட்டது, அவனுடைய சொந்த அஜாக்கிரதையாலா அல்லது சாமானின் குறையாலா என்று உரிமையாளர் ரிப்போர்ட் எழுதி, பரிசோதனைப் புத்தகத்தின் நகலோடு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவனிடம் ஷெட் போர்மேன் சொல்லியிருந்தது இதுதான்: பயர்மேன் வேலை இனி இல்லை. அவன் மேல் தப்பு இல்லையென்று தெரிந்தால் சிக்னல் விளக்குத் துடைத்து எண்ணெய் ஊற்றும் வேலைக்கு எழுதிப் பார்க்கலாம். தப்பு அவனுடையது என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு கையால் விளக்குத் துடைக்கலாம். ஒரு கையால் பனை ஏற முடியாது. அவனுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

நான் நாலாவது பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தவன். என் இங்கிலீஷ் கடைக்கடிதத்துக்குப் போதும். அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். விஜயதசமி காலை ஏழு மணிக்கு நடந்தது என்று தொடங்கி, அவன் எதை மாட்டினான், எப்படி முறுக்கினான், எது உடைந்தது, உடைந்த இடம் எப்படி இருந்தது என்று எல்லாம் எழுதினேன். முந்தின வெள்ளிக்கிழமை பார்த்தபோது விரிசல் இல்லை, அல்லது இருந்து என் கண்ணில் படவில்லை, இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது என்றும் எழுதினேன். பூஜை வெள்ளிக்கிழமை பரிசோதிக்கவில்லை, காரணம் இது. அங்கத்தினர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஓவர்சியர் கையெழுத்துப் போட்ட பக்கத்தையும் நகல் எடுத்தேன். 'யாவும் நல்ல நிலையில்' என்பதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைவரிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது என்பது சங்கத்து விதி. கொண்டுபோய்க் கொடுத்தேன். வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ராவுத்தரே, இதை நீர் இப்படி அனுப்பப்படாது" என்றார்.

"எதுங்க ஐயா தப்பு? இங்கிலீஷா?"

"இங்கிலீஷ் கிடக்கட்டும். பூஜை இருந்ததால பார்க்கலைன்னு எழுதியிருக்கீரே, இது வெளியில போனா என்ன ஆகும் தெரியுமோ? ராவுத்தர் பூஜையைக் குத்தம் சொல்றார்னு ஒரு கூட்டம் கிளம்பும். ராவுத்தர் வேணும்னே பார்க்காம விட்டார்னு இன்னொரு கூட்டம் கிளம்பும். முனிசிபாலிட்டி கொட்டகையை இழுத்துப் பூட்டிடும். அம்பது பேர் வந்துண்டிருக்கா, ஒத்தனுக்காக எல்லாத்தையும் கெடுக்கணுமா?"

"அப்ப என்ன எழுதணுங்க?"

"வெள்ளிக்கிழமை வழக்கம்போல பார்த்தாச்சு, குறையில்லை. இவன் திருகாணியைச் சரியா முறுக்கலை போலிருக்குன்னு ஒரு வரி. 'போலிருக்கு'ன்னுதானே சொல்றோம். அது பொய்யில்லை."

அந்தப் 'போலிருக்கு' எனக்கு நெஞ்சைக் குத்தியது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் இறங்கும், பிறகுதான் ஏறும். "அவன் முறுக்கினதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேனுங்க ஐயா. அந்த ஒரு வரி போச்சுன்னா அவனுக்கு விளக்குத் துடைக்கற வேலைகூட இல்லை" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டிலிருந்து ரசஞ்சாதம் அனுப்பினவர். ஊரில் கலகம் வரக் கூடாது என்று அவர் பயந்ததும் நடிப்பில்லை. ஆனாலும் அன்று நாங்கள் பேசிய பேச்சு அவர் வீட்டு வாசலில் போனவர்களுக்கெல்லாம் கேட்டது. பரிசோதனைப் புத்தகத்தில் நான் எழுதியதை என் கையால் மாற்ற மாட்டேன், வேண்டுமானால் தலைவராக நீங்களே கையெழுத்துப் போட்டு வேறு ரிப்போர்ட் அனுப்புங்கள் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "உம்ம இஷ்டம், என் பேரை அதில இழுக்காதேயும்" என்றார். பிறகு அவர் சங்கத்துப் பக்கம் வரவேயில்லை.

அங்கிருந்து நேராகச் சித்தூர்க்காரன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அனுப்புவதற்கு முன் அவனுக்குச் சொல்லாமல் அனுப்புவது நியாயமில்லை என்று பட்டது. வக்கீலிடம் நடந்ததையும் சொன்னேன். கொஞ்சம் மார்தட்டித்தான் சொன்னேன், வெற்றி பெற்றவன் சொல்வதுபோல. பிறகு ரிப்போர்ட்டை வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

முதல் வரியைச் சொன்னதும் அவன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரை கேட்டான்.

"சரிதானா? ஏதாவது விட்டுப்போச்சா?" என்றேன்.

"ஒண்ணும் விடலீங்க உஸ்தாத். நடந்தது அப்படியே இருக்குதுங்க" என்றான். நல்ல கையால் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதபோதும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தான். அன்றே தபாலில் சேர்த்தேன்.

பதில் எனக்கு வரவில்லை, அவனுக்குத்தான் வந்தது. அதைப் படித்துச் சொல்ல என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தான். அவசரமாக வரவில்லை. கடையில் ஆள் குறையும் வரை எதிர்ப்பக்கத்தில் நின்றுவிட்டு வந்தான்.

உரிமையாளரின் ரிப்போர்ட்டை முழுமையாக ஏற்றுக்கொள்கிறோம் என்று தொடங்கியிருந்தது. அங்கத்தினர் மேல் அஜாக்கிரதை இல்லை, சாமானில் குறை இருந்தது என்பது தெளிவு. ஆனால், காயம் விஜயதசமி காலை ஏழு மணிக்கு ஏற்பட்டதாக ரிப்போர்ட் சொல்கிறது. அன்று காலை ஆறு மணி ஷிப்டில் இந்த ஆளின் டோக்கன் ஷெட்டில் போடப்பட்டிருக்கிறது. வேலை முடிந்து மாலையில்தான் அடிபட்டதாக அவன் சொல்லியிருந்தான். வேலைக்கு வராமல் வந்ததாகக் காட்டியதற்காக, ரிப்போர்ட் கிடைத்த தேதியிலிருந்து நீக்கப்படுகிறான். டோக்கனைப் போட்டுக் கொடுத்த கூட்டாளிக்கு அபராதம்.

ஷெட்டில் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். வந்ததும் அதைப் பெட்டியில் போட வேண்டும். விஜயதசமி காலையில் முதல் தூக்கலைத் தூக்கிவிட்டுப் போகலாம் என்று அவன் தன் டோக்கனைக் கூட்டாளியிடம் கொடுத்திருக்கிறான். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். கை போன பிறகு உண்மையைச் சொன்னால் கூட்டாளியும் மாட்டுவான் என்பதால், மாலையில் அடிபட்டதாகச் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. நானும் அவனுடைய வேலை நேரத்தைக் கேட்டதே இல்லை. எனக்கு அந்த 'காலை ஏழு மணி' ஒன்றுமே இல்லாத ஒரு வரி. ரிப்போர்ட் என்றால் நேரம் எழுத வேண்டுமே என்று எழுதினது. 'விஜயதசமி அன்று' என்று நிறுத்தியிருந்தால் அதில் ஒரு சொட்டுப் பொய் இருந்திருக்காது. உண்மைக்கும் ஒரு குறையும் வந்திருக்காது.

எனக்கு அவன் மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். "வரி வரியாச் சொன்னனே, காது இருந்துச்சா இல்லையா? முதல் வரியிலயே சொன்னேன். அந்த மணியை எடுத்துருங்கன்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவன் மடங்கிப்போன முழங்கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லலாம்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சுங்க உஸ்தாத். ஆனா அப்பத்தான் நீங்க வக்கீலய்யாகிட்ட, ஒரு எழுத்தை மாத்த மாட்டேன்னு எனக்காகச் சண்டை போட்டுட்டு வந்து உக்காந்திருந்தீங்க. உங்ககிட்டப் போய், எனக்கு ஒரு எழுத்தை எடுத்துருங்கன்னு எப்படிங்க கேப்பேன்?"

கடையில் ஆணி வாங்க நின்ற ஆள் தராசைப் பார்ப்பதுபோல் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வேறு எங்காவது வேலை பார்க்கலாம், என் கடையிலேயே இருந்துகொள் என்று ஏதேதோ சொன்னேன். இரும்புக் கடையில் ஒரு கை உள்ளவனுக்கு என்ன வேலை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரிங்க, யோசிச்சுச் சொல்றேனுங்க என்று மரியாதைக்குச் சொன்னான்.

"இப்ப ஊட்டுக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. அப்பனுக்கு மரம் ஏறுற வடம் முறுக்கிக் குடுக்கோணும், பழசு இத்துப்போச்சுங்க. திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் மரத்துக்குப் போறாருங்க" என்றான்.